கோத்தகிரியில் பிசியோ கிளினிக்: "குணமாகும்" என்று எழுதாமல் புரொஃபைலில் என்ன எழுதுவது?

கோத்தகிரி பிசியோ

எல்லோருக்கும் வணக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே சின்னதாக ஒரு அறை எடுத்து கிளினிக் போட்டு எட்டு மாதம் ஆகிறது. பிசியோதெரபியில் பி.பி.டி. முடித்து, எலும்பு மூட்டுப் பிரிவில் மேற்படிப்பாக எம்.பி.டி. படித்தேன். கோயம்புத்தூரில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது வெளியே ஒரு போர்டும், போனில் அனுப்ப ஒரு பக்கத்துக்கு ஒரு புரொஃபைலும் தேவைப்படுகின்றன.

டிசைன் செய்கிற பையன் ஒன்று எழுதித் தந்தான். "மூட்டு வலி, முதுகு வலி, கழுத்து வலி, பக்கவாதம், ஆட்டிசம், நரம்புத் தளர்ச்சி, அனைத்துக்கும் அறுவை சிகிச்சை இல்லாமல் நிரந்தரத் தீர்வு. நவீன ஜெர்மன் கருவிகள்." என்னிடம் இருப்பது வலிக்குக் கரண்ட் வைக்கிற ஒரு ஐ.எஃப்.டி. மெஷின், ஒரு அல்ட்ராசவுண்ட், ஒரு ஒத்தடப் பை. ஜெர்மனிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதை அழித்துவிட்டு நானே எழுதினேன். "மூட்டு, தசை சார்ந்த பிரச்சினைகளுக்கு அறிவியல் பூர்வமான சிகிச்சை அளிக்கப்படும். பலன் நபருக்கு நபர் மாறுபடும்." படித்தால் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் மாதிரி இருக்கிறது. பொய்யும் சொல்லக்கூடாது, ஒன்றும் சொல்லாமலும் இருக்கக்கூடாது. எப்படி எழுதுவது?

முன்னாள் எழுத்தர்

நிரந்தரத் தீர்வு என்று போட்டால் உள்ளே போக வேண்டியதுதான் அம்மா. 1954-லேயே சட்டம் வந்துவிட்டது, மருந்து மற்றும் மாயச் சிகிச்சை விளம்பரச் சட்டம். அதன் அட்டவணையில் வாதமும் பக்கவாதமும் இருக்கின்றன. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. எனவே எதையுமே எழுதாதீர்கள். பெயர், படிப்பு, நேரம் போதும்.

கூடலூர் கடைக்காரர்

சார் சொல்கிற மாதிரி பெயரும் நேரமும் மட்டும் போட்டால் அது எல்.ஐ.சி. ஏஜென்ட் போர்டு. நான் 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். "நல்லாகலாம், ஆகாமலும் போகலாம்" என்று போர்டு வைத்தால் எவன் படியேறி வருவான்? பக்கத்தில் ஒருத்தர் "100% கியாரண்டி" என்று வைத்திருப்பார், கூட்டம் அங்கேதான் போகும். ஜனங்களுக்கு நம்பிக்கை வேண்டும்.

குன்னூர் ஓட்டுநர்

அந்தக் கியாரண்டியை வாங்கினவன் நான். தோள்பட்டை இறுகி, கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. கீழே ஒரு ஊரில், பெயர் வேண்டாம், 15 சிட்டிங்கில் சரியாகும் என்று அட்டையே அச்சடித்துக் கொடுத்தார்கள். 9,000 ரூபாய் முன்பணம். தினமும் கரண்ட் வைத்து, கையைப் பிடித்துப் பலமாக இழுத்தார்கள். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. 15-வது நாள் "உங்களுக்குச் சுகர் இருக்கிறது, அதனால்தான் வேலை செய்யவில்லை" என்றார்கள். முதல் நாளே நான்தான் சுகர் இருக்கிறது என்று சொன்னேன்! பிறகு ஒன்றரை வருடத்தில் அது மெதுவாகத் தானே இளகியது. இப்போதும் பின்பக்கம் கை முழுசாகப் போகாது.

நம்பிக்கை வேண்டும்தான் கடைக்காரரே. ஆனால் அன்றைக்கே "இது மாதக்கணக்கில் இழுக்கும், சுகர் இருந்தால் இன்னும் இழுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரை நம்பியிருப்பேன்.

வெலிங்டன் அக்கா

27 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், பாதி அரசு ஆஸ்பத்திரியில், பாதி இங்கே மலையில்.

எழுத்தர் சார், நீங்கள் சொல்கிற சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது குறிவைப்பது மருந்துகளையும், தாயத்து, மந்திரம், கவசம் மாதிரியானவற்றையும். உடற்பயிற்சி சொல்லித் தருகிறவருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் கியாரண்டி போடமாட்டேன் என்பது வேறு விஷயம்.

தங்கச்சி, உன் முதல் சிக்கல் வாக்கியத்தில் இல்லை. யாருக்கு எழுதுகிறாய் என்று நீ முடிவு செய்யவில்லை. இந்த எட்டு மாதத்தில் உன்னிடம் வந்தவர்களில் யார் அதிகம்? எண்ணிப் பார்த்துச் சொல். பையன் போட்ட பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறதே, நீ எத்தனை குழந்தைகளைப் பார்த்திருக்கிறாய்?

கோத்தகிரி பிசியோ

குழந்தை ஒன்றுகூட இல்லை அக்கா. பக்கவாதம் நான்கு பேர், அதுவும் நரம்பு டாக்டர் திட்டம் போட்டுக் கொடுத்து, நான் வீட்டுக்குப் போய்ச் செய்ய வைத்தது. நோட்டைப் புரட்டினேன். பாதிக்கு மேல் முழங்கால். அதிலும் கொழுந்து பறிக்கிற அம்மாக்கள். அடுத்தது இடுப்பு வலி, அப்புறம் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு பிரித்த பின் வருகிறவர்கள்.

வெலிங்டன் அக்கா

அப்படியானால் உன் சிறப்பு அந்த மூன்றுதான். பக்கவாதத்துக்கு "நரம்பியல் மருத்துவரின் திட்டப்படி வீட்டுப் பயிற்சி" என்று ஒரு வரி. மீதியை அடித்துவிடு. குழந்தையைக் கூட்டிக்கொண்டு யாராவது வந்தால் குழந்தைகள் பிரிவில் படித்தவரிடம் அனுப்பு.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். உன்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, பெயர் ஊர் இல்லாமல், முதல் நாளிலிருந்து என்ன செய்தாய் என்று எழுது. சரியாகாததையும் எழுது. புரொஃபைலுக்கான வாசகம் அதற்குள்ளேயே இருக்கும்.

அரவேனு மகள்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 61 வயது, இரண்டு முழங்காலும் வலி. எக்ஸ்ரே எடுத்ததில் ஜவ்வு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா நடக்கவே பயப்படுகிறார். இதற்கு எத்தனை சிட்டிங் ஆகும், மொத்தம் எவ்வளவு? சுகரும் இருக்கிறது. குளிருக்கு கங்குச் சட்டியைக் காலுக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறார்.

கோத்தகிரி பிசியோ

அரவேனு சகோதரி, முதலில் அந்தச் சட்டியைத் தள்ளி வையுங்கள். பல வருடம் சுகர் இருந்தால் பாதத்தில் சூடு உறைக்காமல் போகலாம், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். என்னிடம் வருகிறவர்களுக்கும், கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்தடப் பையே வைப்பேன். அம்மாவைப் பார்க்காமல் சிட்டிங் கணக்கு சொன்னால் நானும் ஓட்டுநர் அண்ணனுக்கு அட்டை கொடுத்தவர் மாதிரி ஆகிவிடுவேன்.

அக்கா கேட்டது இதோ. 54 வயது அம்மா, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். வலது முழங்காலில் இரண்டு வருடமாக வலி. எங்கே அதிகம் என்று கேட்டதற்கு, "ஏறும்போது மூச்சு வாங்குது, இறங்கும்போதுதான் கண்ணு, உயிர் போகுது" என்றார். எடை போடுகிற இடம் அவர் பறிக்கிற காட்டுக்குக் கீழே. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க வேண்டும்.

மூட்டில் சூடு இல்லை, முழங்கால் பூட்டிக்கொள்ளவில்லை, காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் நடுத்தரத் தேய்மானம். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் கட்டச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணினேன். ஏழு. ஒரு சின்னப் பலகையிலிருந்து இறங்கச் சொன்னபோது வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. சரிவில் இறங்கும்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றால் ஆறு என்றார்.

முதல் நாளே "கரண்ட் வைக்கலையா?" என்று கேட்டார். பத்து நிமிடம் ஒத்தடம் மட்டும் கொடுத்தேன். பிறகு மூன்று பயிற்சிதான். நாற்காலியில் கம்பளியை மடித்துப் போட்டு உயரமாக்கி எழுந்து உட்காருவது, எட்டெட்டாக மூன்று முறை. பலகையில் ஏறி இறங்குவது. சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள்.

வேலையில் இரண்டு மாற்றம். சாக்கை ஒரே சுமையாக இல்லாமல் இரண்டு நடையாகக் கொண்டுபோவது, அதற்கு மேஸ்திரியிடம் அவரே பேசினார். இறங்கும்போது இடது கையில் கோல்.

கூடலூர் கடைக்காரர்

வலி வலது காலில், கோல் இடது கையிலா? எங்கள் அப்பா வலிக்கிற பக்கம்தான் ஊன்றினார்.

வெலிங்டன் அக்கா

நிறையப் பேர் அப்படித்தான் ஊன்றுகிறார்கள். நடக்கும்போது வலது காலோடு சேர்ந்து முன்னே வருவது இடது கை. அதனால் கோல் எதிர்ப் பக்கம் இருந்தால்தான் வலிக்கிற காலின் பாரத்தை அது பங்கு போட்டுக்கொள்ளும். படியில் இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

இறங்கும்போது மூட்டுக்குள் விழுகிற பாரம் உடம்பு எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். தலையில் சாக்கு வேறு இருந்தால் நீங்களே கணக்குப் போடுங்கள். சமதளத்தில் நடைப்பயிற்சி செய்தால் போதும் என்று கீழே சமவெளியில் எழுதித் தருகிற சீட்டு நம் ஊரில் பாதிதான் உதவும். வீட்டு வாசலிலேயே படி.

தங்கச்சி, நன்றாகத்தான் போகிறது. எங்கே சறுக்கியது, அதைச் சொல்.

கோத்தகிரி பிசியோ

மூன்றாவது வாரம். மழை விட்டு வெயில் அடித்ததும் கொழுந்து குப்பென்று வந்துவிட்டது. அவருக்கு ஓவர்டைம். நான் அது தெரியாமல் பலகையின் உயரத்தைக் கூட்டிவிட்டேன். மறுநாள் காலை முழங்கால் வீங்கி, வலி ஏழு. "உன் பயிற்சியால்தான் கூடிப்போச்சு" என்று போனில் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அதிலிருந்து எல்லோருக்கும் முதல் நாளே ஒரு விதி சொல்லிவிடுகிறேன். பயிற்சியின்போது வலி பத்துக்கு நாலு வரை இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் காலை எழும்போது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் செய்தது அதிகம், அடுத்த தடவை பாதியாகக் குறைக்க வேண்டும். அவருக்கும் நான்கு நாள் பாதியாக்கியதும் வீக்கம் வடிந்தது.

ஆறாவது வாரம் எழுந்து உட்கார்ந்தது பத்து தடவை, பன்னிரண்டாவது வாரம் பன்னிரண்டு. இறங்கும்போது வலி மூன்று. ஆனால் சாக்கோடு இறங்கினால் இன்னும் ஐந்து. எக்ஸ்ரே மறுபடி எடுக்கவில்லை, எடுத்தாலும் மாறியிருக்காது. இப்போது வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே செய்கிறார். விட்டுவிட்டால் மறுபடி வரும் என்று சொல்லியிருக்கிறேன். இதைக் "குணமானது" என்று நான் எப்படி எழுதுவேன்?

முன்னாள் எழுத்தர்

12 என்பது அந்த வயதுக்கு நார்மல் என்று எழுதலாமே.

வெலிங்டன் அக்கா

வேண்டாம் சார். அந்தச் சோதனைக்கு நாங்கள் புரட்டுகிற அட்டவணை 60 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 60 முதல் 64 வரை பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. இவருக்கு 54. அவரை அவருடைய ஏழோடு ஒப்பிட்டால் போதும். எஸ்டேட் அம்மாவை எங்கோ இருக்கிற அட்டவணையோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டாம்.

கரண்ட் விஷயம். 2022-ல் வந்த பிரிட்டனின் நைஸ் என்கிற மருத்துவ அமைப்பின் வழிகாட்டி, மூட்டுத் தேய்மானத்துக்கு ஐ.எஃப்.டி., டென்ஸ் மாதிரியான கரண்ட், அல்ட்ராசவுண்ட் எதையும் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது, பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று. நான் அவ்வளவு கறார் இல்லை. வலியில் துடிக்கிறவர் கரண்ட் வைத்து ஒரு மணி நேரம் இளைப்பாறி, அந்த நேரத்தில் பயிற்சி செய்கிறார் என்றால் வைப்பேன், பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. ஆனால் அதை மட்டும் வைத்து 15 நாள் காசு வாங்கமாட்டேன். புரொஃபைலில் மெஷின் பெயரை மேலே போட்டால், வருகிறவர் மெஷினைத்தான் கேட்பார்.

குன்னூர் ஓட்டுநர்

நானும் கேட்டேன். கரண்ட் இல்லாத நாள் காசு வீண் என்றுதான் நினைத்தேன்.

அரவேனு மகள்

எலும்போடு எலும்பு உரசும்போது எழுந்து உட்கார்ந்தால் இன்னும் தேயாதா? அம்மா அதைத்தான் கேட்கிறார்.

வெலிங்டன் அக்கா

அந்த வாசகத்தை முதலில் சொன்னவருக்கு ஒரு கும்பிடு. பெண்ணே, எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற முழங்காலோடு ஊட்டி மார்க்கெட்டைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் சுத்தமாக இருந்தும் எழ முடியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். படமும் வலியும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. அளவாகச் செய்கிற பயிற்சி மூட்டைத் தேய்ப்பதில்லை. பயந்து உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை இளைத்து, பாரம் முழுக்க மூட்டின் மேலேயே விழும்.

ஆனால் பயிற்சிக்குக் காத்திருக்கக் கூடாத முழங்காலும் உண்டு. சிவந்து கொதித்துக் காய்ச்சலோடு வந்தால், விழுந்த பிறகு நான்கு அடி ஊன்ற முடியாவிட்டால், மடக்கியது நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தங்கச்சி, இதை உன் புரொஃபைலில் கட்டாயம் போடு. உன்னிடம் வரக்கூடாதவர் யார் என்று நீயே எழுதினால், வர வேண்டியவர் உன்னை நம்புவார்.

கூடலூர் கடைக்காரர்

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

கோத்தகிரி பிசியோ

அதைத் தொடப் பயமாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தது, மறுநாளே அதை நிறுத்திவைத்தார்கள். போர்டில் பெயருக்குப் பின்னால் "எம்.பி.டி., பிசியோதெரபிஸ்ட்" என்று மட்டும் போடலாம் என்று நினைக்கிறேன். அம்மாக்கள் எப்படியும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முன்னாள் எழுத்தர்

போடாதீர்கள். எம்.பி.பி.எஸ். என்று நினைத்துக் காய்ச்சலுக்கு வருவார்கள்.

வெலிங்டன் அக்கா

நான் போடுகிறேன் சார், பக்கத்திலேயே பிசியோதெரபிஸ்ட் என்றும் அதே அளவு எழுத்தில் போட்டு. இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

கோத்தகிரி பிசியோ

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். முழங்கால் பகுதி மட்டும்:

"முழங்கால் தேய்மானத்தோடு சரிவில் இறங்கச் சிரமப்படுகிறவர்களை அதிகம் பார்க்கிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் எழுந்து உட்காருவதை எண்ணுவேன், படியிறங்குவதைப் பார்ப்பேன், உங்கள் வேலை என்ன என்று கேட்பேன். சிகிச்சையில் பெரும்பகுதி நீங்கள் வீட்டில் செய்யும் பயிற்சி. தசை பலப்பட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தேய்ந்ததை என்னால் திரும்ப வளர்க்க முடியாது. வலி குறைந்து, இறங்குவது சுலபமாவது பலருக்கு நடக்கிறது, எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆறாவது வாரம் மறுபடி எண்ணுவோம். மாற்றம் இல்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடராமல் எலும்பு மருத்துவருக்குக் கடிதம் தருவேன். ஒத்தடமும் கரண்டும் தற்காலிக ஆறுதலுக்கு மட்டும், தேவைப்பட்டால். பணம் அந்தந்த நாளுக்கு, முன்பணம் கிடையாது."

கீழே அக்கா சொன்ன அந்த நான்கு ஆபத்து அறிகுறிகள்.

குன்னூர் ஓட்டுநர்

"முன்பணம் கிடையாது" என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

கூடலூர் கடைக்காரர்

நீளம்தான், ஆனால் போனில் படிக்கலாம். "தேய்ந்ததை வளர்க்க முடியாது" என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது, வியாபாரத்துக்கு ஆகாது. போர்டில் அது வேண்டாம். "சரிவில் இறங்கச் சிரமமா?" என்று மட்டும் பெரிதாகப் போடுங்கள். மலையில் அதைப் படித்து நிற்காத ஆள் கிடையாது.

கோத்தகிரி பிசியோ

அண்ணா, இது நன்றாக இருக்கிறதே! போர்டுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வளர்க்க முடியாத வரி புரொஃபைலில் இருக்கும்.

அரவேனு மகள்

இன்று சாயங்காலம் அம்மாவை நாற்காலியில் எண்ண வைத்தேன். ஒன்பது வந்தது! ஆனால் நாலாவதிலிருந்து கைப்பிடியை ஊன்றித்தான் எழுந்தார்.

கோத்தகிரி பிசியோ

கை ஊன்றினால் அந்தச் சோதனையில் கணக்கு பூஜ்யம்தான் சகோதரி. அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம். கம்பளியை இரண்டாக மடித்து நாற்காலியில் போட்டு, கை ஊன்றாமல் எத்தனை வருகிறது என்று பாருங்கள். பாதத்தில் புண் ஏதும் இருக்கிறதா என்று அடிப்பக்கமும் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வியாழக்கிழமை மதியம் கூட்டம் இருக்காது.